மூன்று லட்சம் ரூபாய் பதினேழு நாள் எங்கே இருந்தது? ஒரு தவணைக் கடனின் வட்டி–அசல் பிரிப்பைச் சரிபார்த்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். 2023 அக்டோபர் நடுவில், ஒரு பட்டறையின் உரிமையாளர் கடன் கணக்கு அறிக்கை ஒன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்ட ஒரு தாளையும் என் மேசையில் வைத்தார். இயந்திரம் வாங்குவதற்காக அதே ஆண்டு ஜனவரி 10 அன்று 10,00,000 கடன் வாங்கியிருந்தார். ஆண்டு வட்டி 9 சதவீதம், மாறாத வட்டி, 60 மாதத் தவணை. மாதத் தவணை 20,759. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி அவருடைய நடப்புக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

ஜூலை மாதம் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அசலில் 3,00,000 முன்கூட்டியே கட்டியிருந்தார். தவணைத் தொகை அப்படியே இருக்க வேண்டும், காலம் மட்டும் குறைய வேண்டும் என்று எழுதியும் கொடுத்திருந்தார். வங்கியும் அதை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு வந்த தவணையில் வட்டி குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தார். அது அவர் நினைத்த அளவுக்குக் குறையவில்லை.

“மாதா மாதம் சரிபார்த்துக்கொண்டுதான் வந்தேன், தம்பி” என்றார். “வட்டியையும் அசலையும் கூட்டினால் ஒவ்வொரு முறையும் 20,759 சரியாக வருகிறது. அதனால் சந்தேகமே வரவில்லை.”

இந்த ஒரு வாக்கியத்தை நான் பிறகு பல முறை நினைத்துக்கொண்டேன். வட்டியைத் தவணையிலிருந்து கழித்து மிஞ்சுவதுதான் அசல். ஆகவே வட்டி எவ்வளவு தவறாகப் போடப்பட்டிருந்தாலும் இரண்டையும் கூட்டினால் தவணைத் தொகைதான் வரும். அந்தக் கூட்டல் எதையும் நிரூபிக்காது. சரிபார்க்க வேண்டியது வட்டி என்ற ஒரே எண்ணைத்தான். அதை அறிக்கையிலிருந்து எடுக்காமல், முந்தைய நிலுவையிலிருந்து நாமே புதிதாகக் கணக்கிட வேண்டும்.

சிவப்பு மையில் 2,895

அவர் கொண்டுவந்த தாளில் அவரே போட்ட அட்டவணை இருந்தது. நிலுவையை 9 சதவீதத்தால் பெருக்கி 12ஆல் வகுத்திருந்தார். பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். வங்கியின் அறிக்கையையும் அவருடைய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது முதல் ஆறு மாதம் இப்படி இருந்தது:

| தவணை நாள் | வங்கி பிடித்த வட்டி | அவர் கணக்கிட்ட வட்டி | வேறுபாடு |
|---|---|---|---|
| பிப்ரவரி 10 | 7,644 | 7,500 | +144 |
| மார்ச் 10 | 6,814 | 7,401 | −587 |
| ஏப்ரல் 10 | 7,437 | 7,300 | +137 |
| மே 10 | 7,099 | 7,199 | −100 |
| ஜூன் 10 | 7,231 | 7,098 | +133 |
| ஜூலை 10 | 6,897 | 6,995 | −98 |

முன்கூட்டிக் கட்டிய பிறகு வந்த ஆகஸ்ட் 10 தவணையில் வங்கி 7,021 வட்டி எடுத்திருந்தது. அவருடைய கணக்கில் 4,642 மட்டுமே. ஒரே மாதத்தில் 2,379 கூடுதல். செப்டம்பரில் 102 கூடுதல், அக்டோபரில் 44 குறைவு.

வங்கி அதிகம் எடுத்த மாதங்களை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு அவர் கூட்டியிருந்தார்: 2,895. அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்டுக் கடிதமும் தயாராக இருந்தது. குறைவாக எடுத்த மாதங்களில் வட்டம் இல்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நம் பக்கம் வரும் பிழை கண்ணில் படாதது எல்லோருக்கும் உள்ள குணம்தான்.

கடிதத்தை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வங்கி எப்படிக் கணக்கிட்டது என்பது தெரியாமல் வித்தியாசத்தை மட்டும் நீட்டினால், “உங்கள் கணக்கு முறை வேறு” என்ற ஒரு வரிப் பதிலோடு கோரிக்கை முடிந்துவிடும். உள்ளே உண்மையான பிழை ஒன்று இருந்தால் அதுவும் அதோடு சேர்ந்து புதைந்துபோகும். முதலில் வங்கியின் எண்களை வங்கியின் விதியிலேயே நாம் மீண்டும் உருவாக்க வேண்டும். அதன் பிறகும் எது ஒட்டவில்லையோ அதை மட்டும் கேட்க வேண்டும்.

ஊசலாட்டம் சொன்ன செய்தி

வேறுபாட்டு வரிசையைப் பார்த்தவுடனேயே ஒன்று புலப்பட்டது. அது ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஏறிய மாதங்கள் எல்லாம் 31 நாள் இடைவெளி கொண்டவை. இறங்கியவை 30 நாள் கொண்டவை. மிகப் பெரிய இறக்கமான 587, பிப்ரவரி 10 முதல் மார்ச் 10 வரையிலான 28 நாள் இடைவெளியில் விழுந்திருந்தது. வங்கி மாதங்களை எண்ணவில்லை, நாட்களை எண்ணுகிறது.

ஊகத்தை அங்கேயே விடாமல், வட்டித் தொகையிலிருந்து பின்னோக்கி நாட்களைக் கண்டுபிடித்துப் பார்த்தோம். வட்டியை 36,500ஆல் பெருக்கி, நிலுவையையும் வட்டி விகிதத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், அந்த வட்டி எத்தனை நாளுக்கு உரியது என்பது கிடைக்கும்.

```
7644 * 36500 / (1000000 * 9) = 31.00
6814 * 36500 / (986885 * 9)  = 28.00
```

முழு எண்கள் வருகின்றன. ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துக் கணக்கிடும் வழக்கமும் வங்கித் தொழிலில் உண்டு. அப்படி இருக்குமோ என்று 36,500க்குப் பதில் 36,000 போட்டுப் பார்த்தால் முதல் வரியில் 30.58 வருகிறது. அரை நாளுக்கு யாரும் வட்டி போடுவதில்லை. ஆகவே உண்மையான நாட்கள், 365 நாள் ஆண்டு என்பது உறுதியானது.

பிறகுதான் ஒப்பந்தத்தைப் புரட்டினோம். வட்டி தினசரி நிலுவையின் மீது 365 நாள் ஆண்டின் அடிப்படையில் கணக்கிடப்படும், தவணை நாளில் பற்று வைக்கப்படும் என்ற ஒரு வரி ஏழாவது பக்கத்தில் இருந்தது. முதலிலேயே இதைப் படித்திருக்கலாமே என்று கேட்டால், படித்திருக்க வேண்டும்தான். ஆனாலும் எண்களிலிருந்து விதியை முதலில் வருவித்ததில் ஒரு பயன் இருந்தது. வங்கி தன் ஒப்பந்தத்தைத் தானே கடைப்பிடிக்கிறது என்பதும் அதோடு சேர்ந்து தெரிந்துவிட்டது.

மாதத் தவணையையும் ஒரு முறை சரிபார்த்தோம். மாதம் 0.75 சதவீதத்தில் 60 மாதத்துக்கு 20,758.36 வருகிறது. வங்கி அதை மேல்நோக்கி முழுமையாக்கி 20,759 ஆக வைத்திருந்தது. தவணைத் தொகையை மாத வாய்ப்பாட்டில் கண்டுபிடித்து, வட்டியை நாள் கணக்கில் எடுப்பது முரண்போலத் தோன்றலாம். நடைமுறையில் இப்படித்தான் பல கடன்கள் ஓடுகின்றன. மிச்சம் மீதி எல்லாம் கடைசித் தவணையில் நேராகிவிடும்.

எங்கள் பக்கம் ஒரு பிழை

புதிய விரிதாளை என் உதவியாளர் தயாரித்தார். முதல் வரியிலேயே 7,890 என்று வந்து நின்றது. வங்கியின் எண் 7,644. அடுத்த வரிகளிலும் நம் கணக்கு ஏறக்குறைய அதே அளவு கூடுதலாகவே வந்தது. வேறுபாடு ஊசலாடவில்லை. 246, 243, 240 என்று மெல்லத் தேய்ந்துகொண்டே போனது.

10,00,000க்கு 9 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி 246.58. அப்படியென்றால் நாம் ஒவ்வொரு மாதமும் ஒரு நாளைக் கூடுதலாக எண்ணிக்கொண்டிருந்தோம். ஜனவரி 10ஐயும் பிப்ரவரி 10ஐயும் இரண்டையும் சேர்த்ததில் 32 ஆகிவிட்டது. தவணை கட்டிய நாள் முந்தைய இடைவெளியில் முடிவாகவும் அடுத்த இடைவெளியில் தொடக்கமாகவும் இரு முறை எண்ணப்பட்டிருந்தது. ஒரு முனையை மட்டுமே எண்ண வேண்டும். தேதியிலிருந்து தேதியைக் கழித்தாலே போதும், விரிதாள் அதைச் சரியாகச் செய்யும். அதன் மேல் ஒன்று கூட்டியதுதான் வினை.

திருத்திய பிறகு வாய்ப்பாடு இவ்வளவுதான். முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் அந்தத் தேதியில் தவணை கட்டிய பிறகுள்ள நிலுவை:

```
=ROUND(B2*9%*(A3-A2)/365,0)
```

வங்கியின் அறிக்கையில் வட்டி முழு எண்ணாகவே இருந்ததால் நாமும் ஒவ்வொரு மாதமும் முழுமையாக்கினோம். இதைச் செய்யாமல் விட்டால் நிலுவையில் பைசாக்கள் சேர்ந்துகொண்டே போய், சில மாதங்களில் ஒன்றிரண்டு வித்தியாசம் காட்டும். பிறகு அது பிழையா, முழுமையாக்கலா என்று தேடி நேரம் போகும்.

இப்போது முதல் ஆறு தவணைகளும் இம்மி பிசகாமல் ஒட்டின. ஜூலை 10 தவணைக்குப் பிறகு நிலுவை 9,18,568. வங்கியிலும் அதே எண். பட்டறை உரிமையாளருக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். சிவப்பு வட்டங்களில் மூன்று அடிபட்டுப் போயின. சொல்லப்போனால், இந்த ஆறு மாதத்தில் அவருடைய முறையைவிட வங்கியின் முறையில் அவருக்கு 371 குறைவாகவே வட்டி பிடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் காரணம் பிப்ரவரியின் 28 நாள். ஓராண்டு முழுதும் ஓடினால் 365 நாளும் எண்ணப்பட்டுவிடும் என்பதால், இரு முறைகளும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துசேரும்.

ஏழாவது தவணை

ஆகஸ்ட் 10. இங்கேதான் ஒட்டவில்லை.

நடப்புக் கணக்கின் அறிக்கைப்படி 3,00,000 ஜூலை 24 அன்று வெளியேறியிருந்தது. தினசரி நிலுவை என்றால், ஜூலை 10 முதல் 24 வரை 14 நாளுக்கு 9,18,568 மீதும், 24 முதல் ஆகஸ்ட் 10 வரை 17 நாளுக்கு 6,18,568 மீதும் வட்டி வர வேண்டும். முதல் பகுதி 3,170.95. இரண்டாவது 2,592.90. கூட்டினால் 5,764. வங்கி எடுத்திருந்ததோ 7,021.

நாள் கண்டுபிடிக்கும் அதே சோதனையை இந்த எண்ணின் மீதும் போட்டோம்.

```
7021 * 36500 / (918568 * 9) = 31.00
```

முழு 31 நாளும் 9,18,568 மீதே வட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. மூன்று லட்சம் கடன் கணக்குக்கு வந்துசேர்ந்தது ஆகஸ்ட் 10 அன்றுதான். கடன் கணக்கு அறிக்கையிலும் அந்த வரவின் எதிரே ஆகஸ்ட் 10 என்றே அச்சாகியிருந்தது. பட்டறை உரிமையாளர் அந்த வரியைப் பல முறை பார்த்திருக்கிறார். தொகை சரியாக இருந்ததால் தேதி கண்ணில் படவில்லை.

பதினேழு நாளுக்கு மூன்று லட்சத்தின் வட்டி 1,257.53. பைசாவை விட்டால் முழு வித்தியாசமும் அதுவே.

அவருடைய தாளில் இருந்த 2,379இல் மீதி 1,122 எங்கிருந்து வந்தது? அதில் சுமார் 1,036 அவருடைய அட்டவணையின் பிழை. அந்த அட்டவணை மூன்று லட்சத்தை ஜூலை 10ஆம் தேதியே கட்டியதாக வைத்துக்கொண்டிருந்தது. மாத வரிசையில் இடைப்பட்ட நாளுக்கு இடமே இல்லை. மிச்சமுள்ள 86 பெரும்பாலும் 31 நாள் மாதத்தின் விளைவு. இப்படி ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் கிடைக்கும்வரை நான் விடுவதில்லை. பெயரில்லாத மீதி இருந்தால், கண்டுபிடித்ததாக நினைக்கும் காரணமும் தவறாக இருக்க வாய்ப்புண்டு.

அடுத்த இரண்டு தவணைகளும் இதையே உறுதிப்படுத்தின:

| தவணை நாள் | வங்கியின் வட்டி | ஜூலை 24 வரவு வைத்தால் வட்டி | நிலுவை வேறுபாடு |
|---|---|---|---|
| ஆகஸ்ட் 10 | 7,021 | 5,764 | 1,257 |
| செப்டம்பர் 10 | 4,623 | 4,614 | 1,266 |
| அக்டோபர் 10 | 4,355 | 4,345 | 1,276 |

ஒரே இடத்தில் ஒரு குதி, அதன் பிறகு மாதம் 9, 10 என்று மெல்லிய ஏற்றம். தனியாக நடந்த ஒரு பிழை நிலுவையில் தங்கி வட்டி சேர்த்துக்கொண்டு போகும்போது வேறுபாடு இந்த வடிவத்தில்தான் வளரும். கணக்கு முறை வேறாக இருந்தால் முன்பு பார்த்ததைப்போல ஊசலாடும். வட்டி விகிதமே தவறென்றால் குதி இருக்காது. அது தவறிய நாள் முதல் ஒவ்வொரு மாத வட்டியும் நிலுவைக்கு ஏற்ற ஒரே விகிதத்தில் விலகி நிற்கும். நாள் எண்ணிக்கையில் ஒன்று பிசகினால் ஒரு நாள் வட்டி அளவுக்கே வித்தியாசம் வரும். எண்களைப் பார்ப்பதற்கு முன் வேறுபாடு வரையும் கோட்டைப் பார்ப்பது பாதி வேலையை முடித்துவிடுகிறது.

திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் கணக்கிட்டோம். தவணைத் தொகை மாறாததால் மீதி 53 தவணை ஏறக்குறைய 33 ஆகச் சுருங்கியிருந்தது. அந்த 1,257 கடைசித் தவணைவரை வட்டியோடு வளர்ந்தால் 1,600ஐ ஒட்டி நிற்கும். பெரிய தொகை அல்ல. பட்டறை உரிமையாளர், “இதற்காகவா இத்தனை நாள்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அடுத்த ஆண்டும் முன்கூட்டிக் கட்டும் எண்ணம் அவருக்கு இருந்தது. அப்போதும் இதேபோல் நடந்தால் என்ன செய்வது என்பதற்காகத்தான் தொடர்ந்தோம்.

வங்கிக்கு எழுதியது

கடிதம் ஒரு பக்கம்தான். 2,895 என்ற பழைய எண் அதில் இல்லை. முதல் ஆறு தவணைகளில் வங்கியின் வட்டி எங்கள் கணக்கோடு முழுமையாக ஒத்துப்போகிறது என்று முதல் பத்தியிலேயே எழுதினோம். இதைச் சொல்வது விட்டுக்கொடுப்பது ஆகாது. வங்கியின் விதியையே நாங்களும் பின்பற்றுகிறோம் என்பதற்கு அதைவிடச் சான்று வேறில்லை. இரண்டாவது பத்தியில் மூன்றே விவரங்கள்: பணம் ஜூலை 24 அன்று வெளியேறியது, கடன் கணக்கில் ஆகஸ்ட் 10 அன்று வரவு வைக்கப்பட்டது, இடைப்பட்ட 17 நாளுக்கு 1,257 வட்டி கூடுதலாகப் பிடிக்கப்பட்டது. நடப்புக் கணக்கு அறிக்கை, வங்கியின் முத்திரை பதிந்த ஜூலை 24 தேதியிட்ட விண்ணப்பத்தின் நகல், எங்கள் அட்டவணை ஆகியவற்றை இணைத்தோம்.

கோரிக்கையின் சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் சிறிது நேரம் எடுத்துக்கொண்டோம். பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்கவில்லை. 3,00,000க்கான வரவை அது வங்கிக்கு வந்துசேர்ந்த தேதியிலிருந்தே நடைமுறைப்படுத்தி, அதற்குப் பிந்தைய வட்டியை மீண்டும் கணக்கிடும்படி கேட்டோம். ஒரு தொகையைத் தனியாகத் திருப்பித் தந்தால் ஆகஸ்டுக்கான 1,257 மட்டும் வரும். அதன் மீது செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஏறிய வட்டி அங்கேயே கிடக்கும்.

பதிலும் திருத்தமும்

பத்து நாளில் கிளையிலிருந்து அழைப்பு வந்தது. என்ன நடந்தது என்பதைக் கடன் பிரிவு அலுவலர் மறைக்காமல் சொன்னார். பணம் கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு வந்திருக்கிறது. ஆனால் அது அசலைக் குறைப்பதற்கு என்ற குறிப்பு பரிமாற்றத்தில் இல்லை. கணினி அதை வருங்காலத் தவணைகளுக்கான முன்பணமாக எடுத்து ஒரு இடைக்கணக்கில் வைத்துவிட்டது. விண்ணப்பம் தனியாகக் காகிதத்தில் வந்து, வேறொரு மேசையில் காத்திருந்தது. தவணை நாளன்று இரண்டையும் யாரோ இணைத்துப் பார்த்து அசலில் வரவு வைத்திருக்கிறார்கள், அன்றைய தேதியிலேயே.

ஆனால் ஒரு மறுப்பும் வந்தது. பணம் ஜூலை 24 இரவு ஏழரை மணிக்கு அனுப்பப்பட்டிருந்தது. வங்கியின் அன்றைய கணக்கு அடைக்கும் நேரத்துக்குப் பின் வரும் தொகை அடுத்த வேலை நாளில்தான் கணக்கில் கொள்ளப்படும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் பக்க எண்ணையும் சொன்னார். எடுத்துப் பார்த்தோம், இருந்தது. ஆகவே ஜூலை 25.

மூன்று லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 74. பட்டறை உரிமையாளருக்கு அதை விட மனமில்லை; “என் பணம் அன்றைக்கே போய்விட்டதே” என்றார். ஆனால் ஒப்பந்தத்தை வைத்து வாதாடும் நாம், அதே ஒப்பந்தம் நமக்கு எதிராகப் பேசும்போது காதைப் பொத்திக்கொள்ள முடியாது. ஏற்றுக்கொண்டோம். 15 நாள், 16 நாள் என்று பிரித்து மீண்டும் போட்டதில் ஆகஸ்டு வட்டி 5,838 ஆனது.

வங்கி முதலில் 1,183 வரவு வைப்பதாகச் சொன்னது. 7,021இலிருந்து 5,838 போக மீதி. செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஏறிய 9, 9 இரண்டையும் சேர்த்தால் 1,201 ஆக வேண்டும். பதினெட்டுக்காக மறுபடி ஒரு கடிதம் எழுத எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் எழுதினோம், தொகைக்காக அல்லாமல் காரணத்தோடு: இந்த 18 நின்றுவிட்டால் எங்கள் அட்டவணையும் வங்கியின் அறிக்கையும் கடன் முடியும்வரை ஒருபோதும் ஒட்டாது, அடுத்த பிழை வந்தால் அது பழைய பிழையின் வாலா, புதியதா என்று பிரித்தறிய முடியாது.

நவம்பர் முதல் வாரத்தில் வரவு ஜூலை 25 தேதிக்கு மாற்றப்பட்டு வட்டி முழுவதும் மீண்டும் கணக்கிடப்பட்டது. அக்டோபர் 10 நிலுவை 5,72,290இலிருந்து 5,71,089க்கு இறங்கியது. நவம்பர் 10 தவணையில் வங்கி எடுத்த வட்டி 4,365. எங்கள் விரிதாளிலும் 4,365.

இந்தச் சோதனை எட்டாத இடங்கள்

இந்தக் கடனில் வட்டி விகிதம் மாறவில்லை, தவணை தவறவில்லை. இரண்டும் எங்கள் வேலையை எளிதாக்கின. மாறும் வட்டிக் கடனாக இருந்தால், விகிதம் எந்தத் தேதியில் மாறியது என்பதை வங்கியிடம் எழுத்தில் வாங்காமல் இந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது. விகிதம் மாறிய இடைவெளியையும் நாங்கள் ஆகஸ்டைப் பிரித்ததுபோல இரண்டாகப் பிரித்தாக வேண்டும்.

வேறொரு குழப்பமும் உண்டு. சில வங்கிகள் தவணையை 10ஆம் தேதி எடுத்துக்கொண்டு, வட்டியை மாதக் கடைசி நாளில் பற்று வைக்கின்றன. அத்தகைய அறிக்கையில் நாள் கண்டுபிடிக்கும் சோதனையை ஒரே நிலுவையின் மீது போட்டால் முழு எண் வராது. மாதத்துக்குள் இரண்டு நிலுவைகள் இருப்பதுதான் காரணம். முழு எண் வராததை உடனே வங்கியின் பிழை என்று எடுத்துக்கொள்ளாமல், வட்டி எந்த நாளில் பற்று வைக்கப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மேலும், இந்தக் கணக்கு ஒப்பந்தத்தில் உள்ள விதி பின்பற்றப்பட்டதா என்று மட்டுமே சொல்லும். அந்த விதி கடன் வாங்கியவருக்கு நல்லதா என்பது வேறு கேள்வி.

இனி மாற்றிக்கொள்வது

முன்கூட்டிக் கட்டுவதைத் தவணை நாளிலேயே வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை என்று பலர் சொல்வார்கள். கணக்குச் சரிபார்க்க அது வசதிதான். ஆனால் பணத்தை ஜூலை 24இலிருந்து ஆகஸ்ட் 10 வரை கையில் வைத்திருந்தால், வங்கி தவறாக எடுத்த அதே வட்டியை நாமே விரும்பிக் கொடுத்ததாகத்தான் ஆகும். பணம் இருக்கும் நாளிலேயே கட்டலாம். கட்டும்போது கணக்கு அடைக்கும் நேரத்துக்கு முன் கட்ட வேண்டும். அசலுக்கு என்ற குறிப்பைப் பரிமாற்றத்திலேயே எழுத வேண்டும். அடுத்த நாளே கடன் கணக்கைத் திறந்து நிலுவை இறங்கியதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதை அவர் ஜூலை 26 அன்று செய்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்திருக்கும்.

என் பக்கத்தில் மாற்றிக்கொண்டது ஒன்று. கடன் கொடுக்கப்பட்ட நாளிலேயே வாடிக்கையாளரின் விரிதாளைத் தொடங்கி, முதல் தவணையின் வட்டியிலிருந்து நாட்களைக் கண்டுபிடித்து, அதை ஒப்பந்தத்தின் வரியோடு பொருத்திப் பார்த்துவிடுகிறேன். ஒன்பது மாதம் கழித்து ஒரே மூச்சில் செய்ததை முதல் மாதம் பத்து நிமிடத்தில் செய்திருக்கலாம்.

2024 மார்ச் 10 அன்று பட்டறை உரிமையாளரே தொலைபேசியில் அழைத்தார். அந்த மாத வட்டி 3,608, முந்தைய நிலுவை 5,04,619. பெருக்கி வகுத்துப் பார்த்திருக்கிறார். “இருபத்தொன்பது வருகிறது, தம்பி. பிப்ரவரியில் ஒரு நாள் கூடுதலாக எடுத்துவிட்டார்களோ என்று பார்த்தேன். அப்புறம் நாட்காட்டியைப் பார்த்தேன்” என்றார். நெட்டாண்டில் 366ஆல் வகுக்க வேண்டாமா என்று அடுத்த கேள்வி. அப்படி வகுத்தால் 3,599, ஒன்பது குறையும். ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். 365 என்றுதான் இருந்தது.